ஃபிரிட்ஜுக்கு எர்த் உள்ள தனி பவர் பாயிண்ட் போட்டுத் தர வேண்டி

குரோம்பேட்டை,
6.10.2024

மதிப்பிற்குரிய சார் அவர்களுக்கு,

வணக்கம். இங்கே எல்லோரும் நலம். நீங்களும் அம்மாவும் திருச்சியில் நலம்தானே? இந்த மாத வாடகையை 3-ம் தேதியே உங்கள் கணக்கில் போட்டுவிட்டோம். போனில் சொன்னால் பாதி விட்டுப்போகும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

ஃபிரிட்ஜ் விஷயம். சமையலறையில் இருப்பது ஒரே பிளக் பாயிண்ட், அதில் மிக்ஸி ஓடுகிறது. அதனால் ஃபிரிட்ஜை ஹாலில் வைத்து, டிவி பாயிண்டிலிருந்து எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் இழுத்துத்தான் ஆறு மாதமாக ஓட்டுகிறோம். போன செவ்வாய்க்கிழமை பாத்திரம் கழுவிய ஈரக்கையோடு கைப்பிடியைத் தொட்டேன், முழங்கை வரை சுர்ரென்று ஏறியது. கால் வழுக்கியதோ என்றுகூட முதலில் நினைத்தேன். மறுநாள் என் கணவர் கதவு ஓரத்து ஸ்குரூவில் டெஸ்டரை வைத்தார், விளக்கு எரிந்தது.

ஃபிரிட்ஜில்தான் கோளாறு என்று நினைத்து மெக்கானிக்கை அழைத்தோம். கம்ப்ரஸரையும் வயரையும் பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்றார். எதிர் வீட்டில் எர்த் நன்றாக இருக்கிறது என்பதால், அங்கிருந்து மூன்று கோர் வயர் இழுத்து ஃபிரிட்ஜை ஓட்டிப் பார்த்தார். அதே ஸ்குரூவில் டெஸ்டர் எரியவில்லை. திரும்ப நம் பாயிண்டில் மாட்டியதும் எரிந்தது.

அதன் பிறகு எலக்ட்ரீஷியன் வந்து ஹால் சுவிட்ச் போர்டைக் கழற்றினார். சாக்கெட்டில் மூன்று ஓட்டை இருக்கிறது, ஆனால் மேலே இருக்கும் பெரிய ஓட்டைக்குப் பின்னால் வயரே இல்லை! அந்தக் காலத்தில் இரண்டு வயர் மட்டும் இழுத்துவிட்டிருக்கிறார்கள். நல்ல வேளையாக, கீழே மீட்டர் போர்டில் பேஸுக்கும் எர்த்துக்கும் நடுவே டெஸ்ட் லாம்ப் போட்டதில் பல்ப் நன்றாக எரிந்தது. நம் வீட்டு டிபி பெட்டி வரையும் அந்த எர்த் வருகிறது. அங்கிருந்து அறைகளுக்குப் போகவில்லை, அவ்வளவுதான்.

எக்ஸ்டென்ஷன் பாக்ஸும் சரியில்லை. டிவி, செட்டாப் பாக்ஸ், ஃபிரிட்ஜ் மூன்றும் அதில்தான். கம்ப்ரஸர் கிளம்பும்போது டியூப் லைட் ஒரு தடவை மினுக்கும். பிளக்கைப் பிடுங்கிப் பார்த்தால் சூடாக இருக்கிறது, ஓரத்தில் பழுப்பாகக் கருகிய அடையாளமும் உண்டு.

எனவே, டிபியிலிருந்து சமையலறை வாசல் மூலை வரை ஃபிரிட்ஜுக்கென்று தனி லைன் இழுத்து, எர்த்தோடு ஒரு பவர் பாயிண்ட் போட்டுத் தரும்படி கேட்டுக்கொள்கிறேன். சுமார் 12 மீட்டர் தூரம். 2.5 ஸ்கொயர் வயர், கூடவே பச்சை எர்த் வயர், தனியாக ஒரு 16 ஆம்ஸ் எம்சிபி, 6 ஆம்ஸ் பிளக்கும் 16 ஆம்ஸ் பிளக்கும் போகிற சாக்கெட். சுவரை உடைக்கத் தேவையில்லை, கேசிங் பட்டி அடித்து மேலாகவே கொண்டுபோய்விடலாம். போன வருஷம் அடித்த பெயிண்டுக்கு ஒன்றும் ஆகாது. எல்லாம் சேர்த்து கூலியோடு 3,400 ரூபாய் சொல்கிறார்.

இன்னொருவர் வந்து, "இதுக்கு ஏன் இவ்வளவு செலவு, சாக்கெட்டிலேயே நியூட்ரலையும் எர்த்தையும் ஒரு வயர் போட்டுச் சேர்த்துடலாம்" என்றார். நான் வேண்டாம் என்றுவிட்டேன். எங்காவது நியூட்ரல் விட்டுப்போனால் ஃபிரிட்ஜ் முழுக்க 230 வோல்ட் ஏறி நிற்கும். உங்களிடமும் யாராவது அந்த யோசனை சொன்னால் தயவுசெய்து ஒத்துக்கொள்ளாதீர்கள்.

பாயிண்ட் சுவரோடு வீட்டிலேயே இருக்கப்போவதால் பொருள் செலவை நீங்கள் ஏற்றுக்கொண்டால் நன்றாக இருக்கும். கூலி 1,200 ரூபாயை நாங்களே கொடுத்துவிடுகிறோம். இல்லை, இப்போதைக்கு எல்லாவற்றையும் நாங்கள் கொடுத்து, பொருளுக்கான 2,200 ரூபாயை நவம்பர் வாடகையில் கழித்துக்கொள்வது வசதி என்றாலும் சரி. பில்களை வாட்ஸ்அப்பில் அனுப்புகிறேன்.

மெயினில், கரண்ட் கசிந்தால் தானே சப்ளையை நிறுத்தும் ஆர்சிசிபி இல்லை என்பதையும் எலக்ட்ரீஷியன் சொன்னார். அதை இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை, உங்கள் வசதிப்படி பிறகு பார்த்துக்கொள்ளலாம். ஃபிரிட்ஜ் மட்டும் தள்ளிப்போட முடியாது சார். பாப்பாவுக்கு மூன்று வயது, தண்ணீர் பாட்டில் எடுக்க அவளே கதவைத் திறக்கிறாள். இப்போது கைப்பிடியில் துணி சுற்றி, கீழே ரப்பர் மேட் போட்டு வைத்திருக்கிறேன். மழை ஆரம்பித்தால் ஹால் தரை எப்படி ஓதம் காக்கும் என்பது உங்களுக்கே தெரியும்.

ஆயுத பூஜை முடிந்து 13-ம் தேதி ஞாயிற்றுக்கிழமை காலை வருவதாக எலக்ட்ரீஷியன் சொல்லியிருக்கிறார். அரை நாள் வேலை. வியாழக்கிழமைக்குள் சரி என்று ஒரு வார்த்தை சொன்னால் சாமான் வாங்கச் சொல்லிவிடுவேன். உங்களுக்குத் தெரிந்த ஆளை அனுப்புவதானாலும் சம்மதமே, அன்று நாங்கள் வீட்டில்தான் இருப்போம். கழற்றிய சாக்கெட்டின் போட்டோவையும் டெஸ்டர் எரிகிற வீடியோவையும் இதோடு அனுப்பியிருக்கிறேன்.

அம்மாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
செல்வி
முதல் மாடி, எஃப்-2