பராமரிப்பு ஒப்பந்தத்தை முடித்துக்கொள்வதற்கான அறிவிப்பு

பள்ளிக்கரணை, சென்னை
01.07.2025

அனுப்புநர்: செயலாளர், குடியிருப்போர் நலச்சங்கம்
பெறுநர்: நிர்வாகப் பங்குதாரர், கட்டடப் பராமரிப்பு நிறுவனம்
(பதிவுத் தபாலிலும் மின்னஞ்சலிலும்)

பொருள்: 01.04.2023 தேதியிட்ட ஒப்பந்தத்தை 31.08.2025 அன்றுடன் முடித்துக்கொள்வது

மதிப்பிற்குரிய ஐயா, வணக்கம்.

போன வாரம் போனில் பேசியதை இப்போது முறைப்படி எழுதித் தருகிறோம். ஒப்பந்தத்தின் 14-ஆம் பிரிவுப்படி, இரு தரப்பில் யாரும் 60 நாள் எழுத்து அறிவிப்புக் கொடுத்து விலகலாம், அபராதம் இல்லை. அதன்படி ஆகஸ்ட் 31, ஞாயிறு இரவு ஷிப்டோடு உங்கள் சேவை முடியும். அதுவரை ஆள் எண்ணிக்கையும் வேலை நேரமும் இப்போது இருப்பது போலவே தொடர வேண்டும்.

காரணம் உங்களுக்குத் தெரிந்ததுதான். எஸ்டிபி தண்ணீரில் வாடை வருவதாக ஏப்ரலிலிருந்து புகார் நிற்கவில்லை. ஜூன் 22 பொதுக்குழுவில், எஸ்டிபியை அதையே தொழிலாகச் செய்பவர்களிடம் கொடுப்பது, துப்புரவையும் பிளம்பிங்கையும் சங்கமே நேரடியாகப் பார்த்துக்கொள்வது என்று முடிவானது. உங்கள் பையன்கள் மீது யாருக்கும் மனக்குறை இல்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் மழையின்போது அடித்தளத்தில் தண்ணீர் ஏறிய இரவில், வீட்டுக்குப் போகாமல் மோட்டார் போட்டு இறைத்தவர்கள் அவர்கள். அதைக் கூட்டத்திலும் பலர் எழுந்து சொன்னார்கள்.

ஒப்படைப்பில் எங்களுக்கு முக்கியம் எஸ்டிபிதான். ஆகஸ்ட் 25 முதல் 30 வரை புதிய ஆபரேட்டர் உங்கள் ஆபரேட்டரோடு கூடவே நிற்பார். எந்த வால்வு எதற்கு, புளோயரை எத்தனை மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்றி ஓட்டுவது, சேற்றை எப்போது எடுத்தார்கள் என்பதெல்லாம் இப்போது ஒரே ஆளின் தலையில் மட்டும் இருக்கிறது. தயவுசெய்து அவருக்கு அந்த வாரம் லீவு கொடுத்துவிடாதீர்கள். தினசரி லாக் புத்தகங்களும் தண்ணீர்ப் பரிசோதனை அறிக்கைகளும் அசலாக வேண்டும், மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு அனுப்பிய கடிதங்களின் நகல்களும் வேண்டும்.

மற்றவை சுலபம். ஆகஸ்ட் 23, சனிக்கிழமை காலை 10 மணிக்கு உங்கள் சூப்பர்வைசரும் நானும் பொருளாளரும் சுற்றி வந்து சாவிகள், ஜெனரேட்டர் லாக், தீயணைப்பு பம்ப், ஸ்டோரில் மிச்சமிருக்கும் குளோரின், சங்கம் வாங்கிய கருவிகள் எல்லாவற்றையும் எண்ணிப் பட்டியலில் கையெழுத்துப் போட்டுக்கொள்வோம். சிசிடிவி பாஸ்வேர்டைக் கடைசி நாளில் தந்தால் போதும், உடனே மாற்றிக்கொள்கிறோம். உங்கள் சொந்த ஏணி, ஹை பிரஷர் மெஷின் இரண்டும் உங்களுடையவைதான், எடுத்துப் போகலாம்.

பணியாளர்கள் விஷயத்தில் ஒரு வேண்டுகோள். சிலர் இங்கேயே தொடர விரும்புகிறார்கள். உங்கள் ஆட்களை ஓராண்டுக்கு நாங்கள் வேலைக்கு எடுக்கக் கூடாது என்று 9-ஆம் பிரிவு சொல்கிறது. வேறு சைட்டில் உங்களுக்குத் தேவைப்படாதவர்களுக்கு மட்டும் அந்தத் தடையை எழுத்தில் தளர்த்தித் தருமாறு கேட்கிறோம். மாத பில்லில் 8.33% போனஸையும் சேர்த்தே தந்து வருகிறோம். ஏப்ரல் முதல் ஆகஸ்ட் வரைக்குமானதை, தீபாவளிக்குக் காத்திராமல் ஆகஸ்ட் சம்பளத்தோடு அவர்கள் கணக்கில் போட்டுவிடுங்கள்.

இனி பணம். ஜூலை பில் வழக்கம்போல் ஆகஸ்ட் 10-க்குள் வந்துவிடும். ஆகஸ்ட் பில் ரூ.2,40,000, ஜிஎஸ்டி 18% சேர்த்து ரூ.2,83,200. இதில் ஜிஎஸ்டி இல்லாத தொகைக்கு டிடிஎஸ் 2%, அதாவது ரூ.4,800, பிடிக்கப்படும். சம்பள முன்பணமாக வாங்கிய ரூ.60,000 கழியும். உங்கள் வைப்புத்தொகை ரூ.1,00,000 திரும்ப வரும். எரிந்துபோன சம்ப் மோட்டாருக்காக மே பில்லில் பிடித்த ரூ.18,500 பற்றி உங்களுக்கு வருத்தம் உண்டு. வோல்டேஜா, கவனக்குறைவா என்று எலக்ட்ரீஷியனாலேயே சொல்ல முடியவில்லை. பாதியை, ரூ.9,250-ஐ, திருப்பித் தருகிறோம். சரி, எல்லாம் சேர்த்து உங்களுக்கு வர வேண்டியது ரூ.3,27,650.

ஆகஸ்ட் மாத பிஎஃப், இஎஸ்ஐ கட்டக் கடைசி நாள் செப்டம்பர் 15. சலான் நகல்களையும் சம்பளம் போட்டதற்கான வங்கி விவரத்தையும் 20-ஆம் தேதிக்குள் அனுப்புங்கள். நீங்கள் கட்டத் தவறினால் அந்தப் பாரம் முதன்மை வேலையளிப்பவர் என்ற முறையில் சங்கத்தின் தலையில் விழும் என்பதால்தான் கேட்கிறோம், சந்தேகத்தால் அல்ல. செப்டம்பர் 30-க்குள் மொத்தத் தொகையும் உங்கள் கணக்குக்கு வந்துவிடும். உதயம் பதிவுள்ள நிறுவனத்துக்கான 45 நாள் வரம்புக்கும் இது உட்பட்டதே. இந்தக் காலாண்டின் டிடிஎஸ் சான்றிதழான படிவம் 16ஏ, நவம்பர் 15-க்குள் வரும்.

கணக்கில் மாறுபாடு இருந்தால் ஜூலை 15-க்குள் எழுதுங்கள், உட்கார்ந்து பேசலாம். கடிதம் கிடைத்ததற்கு அடையாளமாக நகலில் கையெழுத்திட்டு அனுப்பவும்.

இப்படிக்கு,
செயலாளர்
(நிர்வாகக் குழுவுக்காக)

நகல்: தலைவர், பொருளாளர்