வெள்ளிக்கிழமை மாவிளக்கு: ஹான்னாவுக்கு

அன்புள்ள ஹான்னா,

ஆடி வெள்ளிக்கு நீங்கள் வருவதில் வீட்டில் எல்லோருக்கும் மகிழ்ச்சி. இந்த வழிபாட்டைப் பற்றி உங்கள் மொழியில் எழுதுவதற்கான குறிப்பில் 'குடும்பக் கடவுள்' என்று எழுதியிருந்தீர்கள். அதைக் குலதெய்வம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். பிடித்த சாமியை அவரவர் தேர்ந்துகொள்ளலாம்; குலதெய்வம் அப்பா வழியில் வருவது. கல்யாணமான பெண்ணுக்குப் புகுந்த வீட்டின் குலதெய்வமே குலதெய்வம். எங்களுக்கு மாரியம்மன்.

அவளுக்கு மாவிளக்கு 'போடுவோம்'. மாவே விளக்கு, அதுவே பிறகு உணவு. இரண்டு விளக்குக்கு 2 ஆழாக்கு பச்சரிசியை ஒரு மணி நேரம் ஊறவைத்து வடித்து, துணியில் நிழலில் பரப்ப வேண்டும். கையில் ஈரம் தெரியணும், தண்ணீர் ஒட்டக்கூடாது. அந்தப் பதத்தில் இடித்துச் சலித்து, 1 ஆழாக்கு பொடித்த வெல்லமும் ஏலக்காயும் சேர்த்துப் பிசைய வேண்டும். தண்ணீர் வேண்டாம், வெல்லமே இளகி மாவைச் சேர்த்துவிடும். அவசரப்பட்டுத் தண்ணீர் தெளித்தால் சிறிது நேரத்தில் மாவு தளர்ந்து விளக்கு உட்கார்ந்துவிடும். மாவு அதிகம் காய்ந்திருந்தால் வெடிப்பு விட்டு நெய் கசியும். அப்போது ஒரு சொட்டு நெய் தொட்டு மறுபடி பிசைந்தால் போதும்.

இனிப்பு சரியா என்று வாயில் போட்டுப் பார்க்கக் கூடாது. அம்மனுக்கு முன்னால் வைக்கும்வரை அது நைவேத்தியத்துக்கான பண்டம், அவளுக்கு முன் யாரும் ருசிப்பதில்லை. அதனால்தான் வெல்லத்தை அளந்தே போடுகிறோம். படைத்து முடிந்ததும் அதே மாவு பிரசாதம். இரண்டையும் 'படையல் உணவு' என்று ஒரே சொல்லால் எழுதினால் இந்த மாற்றம் காணாமல் போகும்.

உருண்டையின் நடுவே கட்டைவிரலால் குழி செய்து, பக்கங்களில் சந்தனமும் குங்குமமும் இட்டு, நெய் ஊற்றித் தடித்த பஞ்சுத்திரி போடுவோம். மெல்லிய திரி நெய் தீருமுன்னே கருகிவிடும். குத்துவிளக்கிலிருந்து சுடரெடுத்து ஏற்றுவது வீட்டில் மூத்த பெண்.

அதன்பின் காத்திருப்பதுதான் வழிபாட்டில் பெரும்பகுதி. ஊதக் கூடாது. மின்விசிறியும் வேண்டாம். நெய் தீர்ந்து சுடர் தானாக அடங்கினால் விளக்கு 'மலையேறிவிட்டது' என்போம். 'அணைந்துவிட்டது' என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள், பெரியவர்கள் பதறிப்போவார்கள். அந்தச் சொல் எங்கள் காதில் கெட்ட செய்திபோல விழும். 'மலையேறிவிட்டது' என்பதோ சுடர் மலைமேல் போய்விட்டது என்று வழியனுப்பும் சொல். உங்கள் மொழியில் எழுதும்போதும் 'மலையேறுதல்' என்றே எழுதி, பக்கத்தில் ஒரு வரி விளக்கம் கொடுங்கள்.

மலையேறியதும் திரியையும் கருகிய பகுதியையும் எடுத்துவிட்டு, தேங்காய்த் துருவல் சேர்த்துப் பிசைந்து எல்லோருக்கும் கொடுப்போம். நெய் ஊறிய நடுப்பகுதிக்குத்தான் போட்டி. பச்சை மாவு என்பதால் அன்றைக்கே சாப்பிட்டுவிட வேண்டும். உங்களுக்குப் பழக்கமில்லை, சிறிய உருண்டை போதும். வலது கையில் வாங்கிக்கொள்ளுங்கள்.

காலை 9 மணிக்குள் வந்தால் அரிசி இடிப்பதிலிருந்தே பார்க்கலாம்.

அன்புடன்,
வீட்டார் அனைவரும்