உங்கள் ரத்தப் பரிசோதனையில் சர்க்கரை கூடியிருப்பது குறித்து

சிங்கப்பூர்
9 ஜூலை 2025

அன்புள்ள திரு. முருகேசன் அவர்களுக்கு,

நேற்று போனில் பேசியபோது நீங்கள் சைட்டில் இருந்தீர்கள். கிரேன் சத்தத்தில் பாதிகூடக் கேட்டிருக்காது. அறையில் உட்கார்ந்து நிதானமாகப் படிக்கத்தான் இந்தக் கடிதம்.

6ஆம் தேதி வெறும் வயிற்றில் எடுத்த ரத்தத்தில் உங்கள் சர்க்கரை 9.4. இது சிங்கப்பூர் கணக்கு. 18ஆல் பெருக்கினால் ஊர்க் கணக்கில் 169 வரும். இங்கே 7.0, ஊரில் 126 தொட்டாலே சர்க்கரை நோய். கடந்த இரண்டு மூன்று மாதச் சராசரியைக் காட்டும் ஹெச்பிஏ1சி 8.1 சதவீதம், அதற்கு எல்லை 6.5. முந்தின நாள் பிரியாணி சாப்பிட்டதால் ஏறியிருக்குமோ என்று கேட்டீர்கள். ஒரு வேளைச் சாப்பாடு இந்த இரண்டாவது எண்ணை அசைக்காது. இரண்டு சோதனையும் ஒன்றையே சொல்வதால் மறுபடி எடுத்துப் பார்க்கத் தேவையில்லை. உங்களுக்குச் சர்க்கரை நோய் இருக்கிறது.

சிறுநீரகம் நன்றாக இருக்கிறது. சிறுநீரில் புரதமும் இல்லை, கீட்டோனும் இல்லை. ரத்த அழுத்தம் 134/84. கொஞ்சம் அதிகம்தான், அடுத்த முறை மறுபடி பார்க்கிறேன். இப்போது செய்கிற வேலையை விடச் சொல்லக் காரணம் எதுவும் எனக்குத் தெரியவில்லை.

"எனக்கு ஒன்றும் செய்யவில்லையே டாக்டர்" என்றீர்கள். இந்த அளவில் பலருக்கு ஒன்றும் தெரியாது. தாகம் எடுத்தால் வெயில் என்றும், அசதி வந்தால் ஓவர்டைம் என்றும் நினைத்துக்கொள்வோம். ஆனால் இரவில் இரண்டு மூன்று முறை சிறுநீர் கழிக்க எழுவதாகச் சொன்னீர்களே, அது வெயிலால் வருவதல்ல.

மருந்து மெட்ஃபார்மின் 500 மில்லிகிராம். கிளினிக் கவுண்டரில் உங்கள் பெயரில் 60 மாத்திரை வைத்திருக்கிறோம். முதல் ஏழு நாள் இரவுச் சாப்பாட்டோடு ஒன்று மட்டும். எட்டாம் நாளிலிருந்து காலைச் சாப்பாட்டோடும் ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள். வெறும் வயிற்றில் போட்டால் குமட்டும், பேதியாகும். சாப்பிட்டுப் போட்டாலும் முதல் ஒன்றிரண்டு வாரம் வயிறு லேசாகக் கலங்கலாம். பெரும்பாலும் தானாகச் சரியாகிவிடும். இதற்குப் பயந்துதான் நிறையப் பேர் நான்காம் நாளே நிறுத்திவிடுகிறார்கள். தாங்க முடியாவிட்டால் எனக்குப் போன் செய்யுங்கள், நீங்களாக நிறுத்தாதீர்கள். வாந்தியோ கடும் வயிற்றுப்போக்கோ வந்து தண்ணீர்கூடத் தங்காத நாளில் மட்டும் மாத்திரையை விட்டுவிட்டு, அன்றே மருத்துவரைப் பாருங்கள்.

அறையில் இன்னொருவருக்கும் சர்க்கரை என்றால் அவர் மாத்திரையை வாங்கிப் போடவே கூடாது. மெட்ஃபார்மின் மட்டும் போட்டால் சர்க்கரை ஆபத்தாக இறங்குவது அரிது. வேறு சில மாத்திரைகள் அப்படியில்லை: சாப்பாடு தாமதமானால் கை நடுங்கி, வியர்த்து, தலை சுற்றும். சாரத்தின் மேல் நிற்பவருக்கு அது எப்படி முடியும் என்று உங்களுக்கே தெரியும். ஊரிலிருந்து வரும் பொடி, சூரணத்தை நம்பி இந்த மருந்தை விட்டுவிடவும் வேண்டாம்.

சாப்பாட்டில் முதலில் குடிப்பதை மாற்றுங்கள். ஒரு டின் கோலாவில் ஏறக்குறைய 35 கிராம் சர்க்கரை, அதாவது ஏழெட்டுத் தேக்கரண்டி. த்ரீ-இன்-ஒன் காபி, தே தாரிக், ஐசோடானிக் பானம் எல்லாமே இந்தக் கணக்கில்தான் சேரும். கடையில் "தே சி கொசோங்" என்று கேளுங்கள். பால் இருக்கும், சீனி இருக்காது. வெயிலில் வேலை செய்யும்போது தண்ணீரை மட்டும் குறைத்துவிடாதீர்கள்.

கேட்டரிங் பொட்டலத்தை உங்களால் மாற்ற முடியாது, அளவை மாற்றலாம். சோற்றில் மூன்றில் ஒரு பங்கை எடுத்து வைத்துவிட்டு, காய், பருப்பு, முட்டை, மீனை முழுதாகச் சாப்பிடுங்கள். சப்பாத்திக்கு மாறினால் போதும் என்பது தவறான நம்பிக்கை. ஐந்து சப்பாத்தி சாப்பிட்டால் அதுவும் சோறு மாதிரிதான் ஏற்றும். பட்டினி கிடந்து வேலைக்குப் போகவும் வேண்டாம்.

தினமும் பூட்ஸைக் கழற்றியதும் பாதத்தையும் விரல் இடுக்கையும் வெளிச்சத்தில் பாருங்கள். ஈரச் சாக்ஸை மாற்றுங்கள். கொப்புளமோ வெடிப்போ இருந்தால் பிளேடு வைத்துக் கிழிக்காமல் காட்ட வாருங்கள்.

விடாத வாந்தி, வயிற்றுவலி, வேகமாக மூச்சு வாங்குதல், தூக்கக் கலக்கம் போல மந்தம் இருந்தால் காத்திருக்க வேண்டாம். 995க்கு அழையுங்கள், அல்லது சூப்பர்வைசரை அழைக்கச் சொல்லுங்கள்.

ஆகஸ்ட் 3 ஞாயிறு காலை 9 மணிக்கு வாருங்கள். முந்தின இரவு 11 மணிக்கு மேல் தண்ணீர் தவிர எதுவும் வேண்டாம். காலை மாத்திரையைக் கையோடு கொண்டுவாருங்கள். ரத்தம் எடுத்த பிறகு சாப்பிட்டுப் போட்டுக்கொள்ளலாம். அன்றே கண்ணின் விழித்திரையைப் படம் எடுக்க ஏற்பாடு செய்கிறேன். ஹெச்பிஏ1சி மறுபடி பார்ப்பது அக்டோபரில்தான், அதற்கு முன் பார்த்தால் மாற்றம் முழுதாகத் தெரியாது.

அப்பாவுக்கும் சர்க்கரை இருந்தது என்றீர்கள். ஊரில் உள்ள உங்கள் அண்ணனையும் ஒருமுறை ரத்தம் பார்க்கச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
டாக்டர் மீனாட்சி