காசிமேடு, இரண்டு படங்கள்: விலை, தாள், சட்டம், நிறம் பற்றிய முழு விவரம்

இந்தப் பட்டியலில் மூன்று பொருள்கள் இருக்கின்றன. 'ஏலம்' ஒரு லினோகட் அச்சு. 'தடைக்காலம்' ஒரு நீர்வண்ண ஓவியம். மூன்றாவது, அந்த நீர்வண்ண ஓவியத்தின் நிறமி அச்சுப் பிரதி. மூன்றும் ஒரே மாதிரி பொருள் அல்ல. விலை ஏன் இவ்வளவு வேறுபடுகிறது என்று கேட்பவர்களுக்காகவும், பார்சலைப் பிரித்த பிறகு யாரும் ஏமாந்ததாக நினைக்கக் கூடாது என்பதற்காகவும் ஒவ்வொன்றையும் விரிவாகவே எழுதுகிறேன்.

ஏலம்

ஐந்து நிற லினோகட். படத்தின் அளவு 30 × 40 செ.மீ., தாளின் அளவு 42 × 54 செ.மீ. மொத்தம் 22 பிரதிகள், கூடவே அந்த எண் வரிசையில் சேராத 2 கலைஞர் பிரதிகள். சட்டம் இல்லாமல் ரூ. 6,500.

காசிமேட்டில் விடிவதற்கு முன் நடக்கும் மீன் ஏலம்தான் படம். கூடைகளைச் சுற்றிக் குனிந்து நிற்கும் பெண்கள், மேலே மஞ்சள் விளக்கு, பின்னால் விசைப்படகுகளின் முனைகள். ஐஸ் கட்டிகள் இருக்கும் இடத்தில் மையே இல்லை. அங்கே தெரியும் வெள்ளை, தாளின் சொந்த நிறம்.

"பிரிண்ட்தானே, ஒரிஜினல் எங்கே இருக்கிறது?" என்று பலர் கேட்கிறார்கள். இந்தப் படத்துக்கு வேறு எங்கும் ஒரிஜினல் கிடையாது. லினோலியம் பலகையில் உளியால் செதுக்கி, மை உருட்டி, தாளை வைத்து அழுத்தி எடுப்பதுதான் படம். இருக்கும் 24 தாளும் ஒவ்வொன்றும் மூலப் படைப்பே. படகில் எழுதியிருக்கும் பெயரைக்கூடப் பலகையில் இடவலம் மாற்றிச் செதுக்கினால்தான் தாளில் நேராக வரும். கணினியோ பிரிண்டரோ இதில் எந்தக் கட்டத்திலும் வரவில்லை.

எண்ணிக்கை 22-ஐத் தாண்டாது என்பதற்கு என் வாக்கை மட்டும் நம்ப வேண்டியதில்லை. நான்கு நிறங்களும் ஒரே பலகையிலிருந்து வந்தவை. முதலில் வெளிர் சாம்பல் நீலத்தை எல்லாத் தாள்களிலும் அச்சடித்துவிட்டு, அந்த நிறம் நிற்க வேண்டிய இடங்களைச் செதுக்கி எடுத்துவிடுவேன். அப்புறம் விளக்கின் ஆரஞ்சு, அதற்குப் பிறகு பிரஷ்ய நீலம், கடைசியாகக் கருப்பு. ஒவ்வொரு நிறத்துக்கும் பலகை குறைந்துகொண்டே போகும். கருப்பு முடியும்போது கருப்புக்கான மேடுகள் மட்டும்தான் மிஞ்சும். மறுபடி முதல் நிறத்தை அச்சடிக்க நானே நினைத்தாலும் வழியில்லை. மீன்களின் வெள்ளி நிறம் மட்டும் தனியாக ஒரு சின்னப் பலகையில் செதுக்கியது. நிறங்கள் ஒன்றன்மேல் ஒன்று சரியாக உட்காராத தாள்களைக் கிழித்துவிட்டேன்.

ஒவ்வொரு பிரதியிலும் படத்துக்குக் கீழே இடப்பக்கம் 7/22 என்பது போல எண்ணும், நடுவில் தலைப்பும், வலப்பக்கம் கையெழுத்தும் ஆண்டும் பென்சிலில் இருக்கும். 1/22 சிறந்தது, 22/22 மட்டம் என்று எதுவும் இல்லை. அது வரிசை எண் மட்டுமே. கையால் மை உருட்டியதால் பிரதிக்குப் பிரதி நீலத்தின் அடர்த்தியில் சின்ன வித்தியாசம் உண்டு. குறிப்பிட்ட எண் வேண்டுமென்றால் கேளுங்கள், அந்தத் தாளையே படம் எடுத்து அனுப்புகிறேன்.

தாள், கையால் செய்த பருத்தித் தாள். பனியன் துணி வெட்டும்போது மிஞ்சும் பருத்தித் துண்டுகளை அரைத்துச் செய்தது. மரக்கூழ் இல்லை, அமிலம் இல்லை. தாளின் நான்கு ஓரமும் கத்தரிக்காமல் பிசிறாகவே இருக்கும். அங்கங்கே ஒரு நார் தெரியலாம், தடிமன் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இருக்காது. அந்தப் பிசிறுக்காகத்தான் இந்தத் தாளையே தேர்ந்தெடுத்தேன். தயவுசெய்து ஓரத்தை வெட்டச் சொல்லாதீர்கள்.

மை எண்ணெய் மை. நன்றாகக் காய்ந்துவிட்டது, ஆனாலும் உறையைப் பிரித்ததும் ஆளிவிதை எண்ணெய் வாசம் லேசாக வரும். சில நாளில் போய்விடும்.

தடைக்காலம்

நீர்வண்ணம், 38 × 56 செ.மீ. ஆர்ச் நிறுவனத்தின் 300 கிராம் பருத்தித் தாள், சொரசொரப்பான வகை. ஒன்றே ஒன்றுதான். சட்டத்தோடு ரூ. 38,000. இதைச் சட்டம் இல்லாமல் தருவதில்லை.

கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. அந்த நாள்களில் காசிமேட்டில் படகுகள் ஒன்றோடொன்று உரசிக்கொண்டு நிற்பதையும், வலை பின்னுகிறவர்கள் படகு நிழலில் உட்கார்ந்திருப்பதையும் அங்கேயே உட்கார்ந்து வரைந்தது. வெயிலில் சாயம் சட்டென்று காய்ந்து வானத்தில் ஓர் இடத்தில் விளிம்பு கட்டியிருக்கிறது. அதை நான் திருத்தவில்லை. அந்த மதியத்தின் சூடு எனக்கு அதில்தான் தெரிகிறது.

நீர்வண்ணத்தில் சாயத்தைத் தாளோடு பிடித்து வைப்பது கருவேலம் பிசின் போன்ற ஒரு பிசின். அது தண்ணீர் பட்டால் மறுபடி கரையும். ஈரத்துணியால் துடைக்கும் பழக்கம் உள்ள வீட்டில் இதைத் திறந்து வைக்க முடியாது. சட்டத்தோடுதான் தருவேன் என்பதற்குக் காரணம் இதுதான்.

தடைக்காலம், நிறமி அச்சு

மேலே உள்ள ஓவியத்தின் பிரதி. ஓவியத்தை ஸ்கேன் செய்து, ஹானமூலே ஃபோட்டோ ராக் 308 கிராம் பருத்தித் தாளில் நிறமி மையால் இன்க்ஜெட் அச்சு எடுத்தது. படம் 27 × 40 செ.மீ., மொத்தம் 50 பிரதிகள், எண்ணும் கையெழுத்தும் உண்டு. ரூ. 2,800.

இது நல்ல பிரதி, ஆனால் பிரதிதான். வேறு அளவில் அச்சடித்து "புது வரிசை" என்று விற்க மாட்டேன். ஐம்பது முடிந்தால் முடிந்தது. மூல ஓவியத்தில் சாயம் தாளின் குழிகளில் தங்கி மணல் போலத் தெரியும் இடங்கள் இதில் சற்றுத் தட்டையாக இருக்கும். தாள் மேட் வகை, பளபளப்பு இல்லை.

திரையில் தெரியும் நிறமும் கையில் வரும் நிறமும்

படங்களை வடக்குப் பார்த்த ஜன்னல் பக்கத்தில், பகல் வெளிச்சத்தில், நிற அட்டையை வைத்து எடுத்து, sRGB-யில் சேமித்திருக்கிறேன். அப்படியும் வித்தியாசம் இருக்கும். போன் திரை தானே ஒளிவிடுகிறது, தாளோ தன் மேல் விழும் ஒளியைத்தான் திருப்பித் தருகிறது. அதனால் எந்த வித்தியாசம் எங்கே என்று சொல்லிவிடுவது நல்லது.

பிரஷ்ய நீலம்தான் அதிகம் மாறுவது. பல போன்களில் அது பளிச்சென்று, கொஞ்சம் ஊதா பக்கம் சாய்ந்து தெரிகிறது. நேரில் அது இன்னும் இருண்டது, பச்சைச் சாயல் கொண்டது. 'ஏலம்' படத்தின் வலது மேல் மூலையில் கருப்புக்கும் நீலத்துக்கும் நடுவில் உள்ள எல்லை திரையில் தெளிவாகத் தெரியும். தாளில் கிட்டப் போய்ப் பார்த்தால்தான் பிரியும். அந்த மூலையின் பளிச் நீலத்தைப் பார்த்து ஆசைப்பட்டு வாங்குவதாக இருந்தால், வாங்க வேண்டாம் என்றே சொல்வேன்.

விளக்கின் ஆரஞ்சு திரையில் எரிகிறது. தாளில் அது அணைந்து எரிகிற தணலின் ஆரஞ்சு. மீன்களின் வெள்ளி, புகைப்படத்தில் வெறும் சாம்பல் நிறமாகத்தான் விழுகிறது. இங்கே நேரில் பார்ப்பவருக்குத்தான் லாபம். படத்தைத் தாண்டி நடக்கும்போது மீன்கள் மினுங்கும்.

தாளின் வெள்ளையும் அப்படித்தான். திரையில் சுத்த வெள்ளை, நேரில் லேசான பால்மஞ்சள். பக்கத்தில் ஒரு ஜெராக்ஸ் தாளை வைத்தால் நன்றாகத் தெரியும். ஜெராக்ஸ் தாளில் வெள்ளையைக் கூட்டும் ரசாயனம் சேர்ப்பார்கள், இந்தப் பருத்தித் தாளில் அது இல்லை. ஃபோட்டோ ராக் தாளும் பளிச் வெள்ளை அல்ல.

பார்க்கும்போது நைட் மோடை அணைத்துவிடுங்கள். அது நீலத்தைக் குறைத்து எல்லாவற்றையும் மஞ்சளாக்கும். வெளிச்சத்தைப் பாதி அளவுக்கு இறக்குங்கள். இரண்டு திரைகளில் பார்த்து, இரண்டில் மங்கலாகத் தெரிவதை நம்புங்கள்.

வீட்டு விளக்கும் நிறத்தை மாற்றும். குளிர் வெள்ளை டியூப்லைட்டில், அதாவது 6500 கெல்வின் வெளிச்சத்தில், நீலம் எடுப்பாக இருக்கும். 2700 கெல்வின் மஞ்சள் பல்பின் கீழ் அதே நீலம் சாம்பலாக அடங்கி, ஆரஞ்சு முன்னே வரும். 'ஏலம்' எனக்கு மஞ்சள் வெளிச்சத்தில்தான் பிடிக்கும். 'தடைக்காலம்' பகல் வெளிச்சம் வரும் அறைக்கு ஏற்றது, ஆனால் நேர் வெயில் படாத சுவரில்.

சட்டம்

'ஏலம்' படத்துக்குச் சட்டம் வேண்டுமென்றால் ரூ. 4,200 கூடுதல். 2 செ.மீ. தேக்குச் சட்டம், வார்னிஷ் இல்லை, மெழுகு மட்டும். பிசிறு ஓரம் தெரியும்படி தாளை அமிலமில்லாத அட்டையின் மேல் மிதக்க விட்டு, ஜப்பானியத் தாள் கீற்றுகளையும் கோதுமைப் பசையையும் கொண்டு பின்னால் பிடித்திருப்பேன். முன்பக்கம் புற ஊதாக் கதிரைத் தடுக்கும் 3 மி.மீ. அக்ரிலிக். தாள் அக்ரிலிக்கைத் தொடாமல் நடுவில் இடைவெளி உண்டு. நம் ஊர் ஈரக்காற்றில் தாள் கண்ணாடியோடு ஒட்டினால் பூஞ்சை வரும், மையும் ஒட்டிக்கொள்ளும். நேரில் வந்து எடுத்துக்கொள்பவர்களுக்குக் கண்ணாடியும் போட்டுத் தருவேன். கூரியரில் கண்ணாடி அனுப்புவதில்லை.

உங்கள் தெருவில் உள்ள கடையிலேயே போட்டுக்கொள்வதும் சரிதான். மூன்று விஷயத்தை மட்டும் கடைக்காரரிடம் அழுத்திச் சொல்லுங்கள்: லேமினேஷன் கூடாது, செல்லோடேப் கூடாது, பலகையில் முழுசாக ஒட்டக் கூடாது. பின்பக்கம் முழுவதும் காகித டேப்பால் மூடச் சொல்லுங்கள், ராமபாணப் பூச்சி சட்டத்துக்கும் பின் அட்டைக்கும் நடுவில் உள்ள சந்து வழியாகத்தான் நுழையும். சட்டத்தின் கீழ் மூலைகளில் ரப்பர் குமிழ் ஒட்டினால் சுவருக்கும் படத்துக்கும் நடுவில் காற்று போகும். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஓதம் ஏறும் வெளிச்சுவரில் எந்தத் தாள் படத்தையும் மாட்ட வேண்டாம்.

அனுப்புவது, திருப்புவது

'ஏலம்' சுருட்டப்படாது. இரண்டு கனமான அட்டைகளுக்கு நடுவில் தட்டையாக வரும். நிறமி அச்சு அகலமான குழாயில் வரும், பிரித்ததும் ஒரு நாள் முழுக்க மேசையில் விரித்து வையுங்கள். சென்னைக்குள் கூரியர் இலவசம், வெளியூருக்கு ரூ. 250, சட்டம் போட்டதென்றால் ரூ. 900.

திருவான்மியூரில் என் பட்டறையில் சனிக்கிழமை மாலைகளில் நேரில் பார்க்கலாம், முன்கூட்டிச் சொல்லிவிட்டு வாருங்கள். முடியாதவர்கள் வாங்கிய பிறகு பகல் வெளிச்சத்தில் பாருங்கள். நிறம் நீங்கள் நினைத்தது இல்லை என்றால் 7 நாளுக்குள் திருப்பி அனுப்பலாம், பணம் முழுவதும் வரும். காரணம் கேட்க மாட்டேன், திரும்பும் கூரியர் செலவு மட்டும் உங்களுடையது. வழியில் சேதமானால் அதுவும் என் பொறுப்பே.

படத்தை வாங்கினால் படம் உங்களுடையது. காலண்டரிலோ திருமண அழைப்பிதழிலோ அச்சடிக்கும் உரிமை என்னிடமே இருக்கும், அதற்குத் தனியாகக் கேளுங்கள். வீட்டுச் சுவரில் மாட்டி போட்டோ எடுத்துப் போடுவதற்கு யாரிடமும் கேட்க வேண்டாம்.