கிரீன் பெல்ட் கிடைத்தது. முதலில் சந்தேகப்பட வேண்டியது எதை என்றும் தெரிந்தது

ஏ.எஸ்.கியூ. என்ற அமெரிக்கத் தர அமைப்பு நடத்தும், உற்பத்தியில் பிழைகளைக் குறைக்கும் முறையான சிக்ஸ் சிக்மாவின் கிரீன் பெல்ட் தேர்வில் கடந்த வாரம் தேர்ச்சி பெற்றேன். மிகுந்த மகிழ்ச்சி. இரவு ஷிஃப்ட் முடிந்து வந்து படித்த ஏழு மாதங்களின் பலன் இது. சான்றிதழின் படத்தை மட்டும் போட்டுவிட்டுப் போக மனம் வரவில்லை. படித்ததில் ஒரு பகுதி, நான் வேலை பார்க்கும் விதத்தையே மாற்றிவிட்டது. அதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு.

எங்கள் பிரிவில் 25 மி.மீ. விட்டமுள்ள ஷாஃப்ட் கடைகிறோம். டாலரன்ஸ், அதாவது அனுமதிக்கப்பட்ட விலகல், கூட்டியும் குறைத்தும் 0.02 மி.மீ. மெஷின் அருகே அளந்தால் சரியாக இருக்கும். அதே ஷாஃப்ட் இறுதிச் சோதனைக்குப் போனால் விட்டம் குறைவு என்று திரும்பி வரும். குறைந்துவிட்டதைத் திரும்பக் கடைய முடியாது, ஸ்கிராப்தான். ஒவ்வொரு முறையும் பேச்சு மெஷினில் தொடங்கி ஆபரேட்டரில் வந்து முடியும். நானும் அப்படிப் பேசியவன்தான் என்பதை வருத்தத்தோடு சொல்கிறேன்.

படிப்பில் ‘அளவீடு’ என்ற கட்டத்துக்கு வந்தபோதுதான் கேள்வி உறைத்தது: இந்த எண்ணையே நம்பலாமா? உடனே, கருவியாலும் அளக்கும் ஆளாலும் அளவு எவ்வளவு மாறுகிறது என்று காட்டும் கேஜ் ஆர் அண்ட் ஆர் சோதனை செய்து பார்த்தோம். 10 ஷாஃப்ட், 3 ஆபரேட்டர்கள், ஒவ்வொருவரும் ஒவ்வொன்றையும் 3 முறை. ஆக 90 அளவுகள். ஷாஃப்ட்டின் எண் அளப்பவருக்குத் தெரியக் கூடாது, வரிசையையும் கலைத்துக் கொடுக்க வேண்டும். இல்லையென்றால் முந்தைய அளவு நினைவில் நின்று கையை இழுத்துவிடும்.

டாலரன்ஸோடு ஒப்பிட்டால், அளப்பதில் வரும் வேறுபாடு மட்டுமே அதில் 34 சதவீதத்தை எடுத்துக்கொண்டிருந்தது. பொதுவான வழக்கப்படி 10-க்குக் கீழே இருந்தால் நல்லது. 10 முதல் 30 வரை வேலையின் தன்மையைப் பொறுத்து ஏற்கலாம். அதற்கு மேல் போனால் அந்த அளவீட்டை வைத்து முடிவெடுக்கக் கூடாது. நாங்களோ அதை வைத்துத்தான் ஆட்களைக் கண்டித்துக்கொண்டிருந்தோம்.

அருகில் நின்று பார்த்தபோது காரணம் தெரிந்தது. இருவர் மைக்ரோமீட்டரின் நுனியில், அழுத்தத்தை ஒரே அளவில் வைக்கும் ராட்செட்டைத் திருப்பி, ‘கிளிக்’ சத்தம் கேட்டதும் நிறுத்தினார்கள். மூன்றாமவர் சுழலும் உருளையான திம்பிளையே பிடித்து இறுக்கினார். “எனக்கு இப்படித்தான் கற்றுக்கொடுத்தார்கள் சார்” என்றார். அவர் சொன்னது உண்மை. ராட்செட் எதற்காக இருக்கிறது என்று அவருக்கு யாரும் சொன்னதே இல்லை. எல்லோரும் ராட்செட்டுக்கு மாறிய பிறகு மீண்டும் சோதித்தோம்: 14 சதவீதம்.

இன்னொரு காரணம் வெப்பம். எஃகு ஒரு டிகிரிக்கு, ஒரு மீட்டர் நீளத்துக்கு, ஏறத்தாழ 11.5 மைக்ரான் விரியும். மெஷினிலிருந்து எடுத்தவுடன் சோதனை அறையைவிட 25 டிகிரி கூடுதலாகச் சூடாக இருக்கும் எங்கள் ஷாஃப்ட் சுமார் 7 மைக்ரான் பெரிதாகக் காட்டும். நீள அளவுகளுக்கான சர்வதேச அடிப்படை வெப்பநிலை 20 டிகிரி செல்சியஸ் என்று பள்ளிப் பாடம்போல் தெரியும். அது நம் தட்டில் கிடக்கும் சூடான ஷாஃப்ட்டுக்கும் பொருந்தும் என்று தோன்றவில்லை. பெரிதாகக் காட்டியதை நம்பி ஆபரேட்டர், மெஷின் கடையும் அளவைத் திருத்தும் ஆஃப்செட்டைக் குறைப்பார். ஆறியதும் அளவு குறைந்திருக்கும். ஸ்கிராப்பின் பெரும்பகுதி அங்கிருந்துதான் வந்தது.

ஒவ்வொரு ஷாஃப்ட்டுக்கும் ஆஃப்செட்டைத் திருத்துவதும் தனிக் கேடு. சீராக ஓடும் மெஷினில் ஒவ்வொரு விலகலையும் அப்படியே எதிர்ப்பக்கம் ஈடுகட்டினால் சிதறலின் வர்க்கமான வேரியன்ஸ் இரண்டு மடங்காகும், அதாவது சிதறல் சுமார் 1.41 மடங்கு. தர மேலாண்மை அறிஞர் டெமிங், புனல் வழியே கோலியைக் குறியின் மேல் போட்டுக் காட்டும் தன் புனல் சோதனையில் காட்டியது இதைத்தான். புத்தகத்தில் படித்தபோது நம்பவில்லை. பகடை உருட்டி எண்களை எழுதிப் பார்த்த பிறகுதான் நம்பினேன். இப்போது அளவுகளை வரிசையாகக் குறித்துவரும் கன்ட்ரோல் சார்ட்டில் புள்ளி எல்லையைத் தாண்டினாலோ, தொடர்ந்து ஒரே பக்கம் சாய்ந்தாலோ மட்டுமே ஆஃப்செட்டைத் தொடுகிறோம்.

தேர்வுக்குத் தயாராகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. இது புத்தகத்தைத் திறந்து எழுதும் தேர்வுதான், ஆனால் பக்கம் புரட்டித் தேட நேரம் இருக்காது. சூத்திரங்களை மனப்பாடம் செய்வதைவிட, உங்கள் வேலையிடத்து எண்களைப் போட்டுக் கணக்கிட்டுப் பாருங்கள். ஒரு வேறுபாடு உண்மையா தற்செயலா என்று சோதிக்கும் ஹைப்பாதிசிஸ் டெஸ்டிங் எனக்குப் புரிந்ததே அப்படித்தான்.

அந்த 90 அளவுகளையும் பொறுமையாக எடுத்துக் கொடுத்த மூன்று ஆபரேட்டர்களுக்கும் என் நன்றி. ராட்செட் பற்றிக் கேட்டதும் மறைக்காமல் சொன்ன அந்த அண்ணன்தான் இப்போது புதிதாகச் சேர்கிறவர்களுக்கு மைக்ரோமீட்டர் பிடிக்கக் கற்றுக்கொடுக்கிறார். அடுத்த மாதம், துளையின் விட்டத்தை அளக்கும் போர் கேஜுக்கும் இதே சோதனையைச் செய்யப்போகிறோம். நாங்கள் பயன்படுத்திய பதிவுத்தாள் வேண்டுமென்றால் கேளுங்கள், அனுப்புகிறேன்.