டீச்சர், திங்கட்கிழமை கிளம்புகிறோம்

டீச்சர், நேற்று யோகா வகுப்பு முடிந்ததும் நேரிலேயே சொல்லிவிடலாம் என்றுதான் தூணுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். நீங்கள் புதிதாக வந்த அந்தப் பெண்ணுக்கு மூச்சு எப்படி விடுவது என்று காட்டிக்கொண்டிருந்தீர்கள், எனக்கும் தொண்டை அடைத்துக்கொண்டது, சரி போனில் எழுதிவிடலாம் என்று வந்துவிட்டேன். நீளமாகப் போகும். பொறுமையாகப் படியுங்கள், இல்லை பாதி இப்போது, மீதி நாளைக்கு. நீங்கள் சொல்லும் கணக்குதானே அது.

மருமகளுக்குப் பிரசவம் நெருங்குகிறது. குழந்தை பிறந்து ஆறு மாதத்தில் அவள் வேலைக்குத் திரும்ப வேண்டும், அதனால் எங்கள் இரண்டு பேரையும் தாம்பரத்துக்கே வந்துவிடச் சொல்கிறான் பையன். ஆடி பிறக்கும் முன்னால் அங்கே பால் காய்ச்சிவிட வேண்டும் என்று வீட்டுக்காரர் ஒற்றைக் காலில் நிற்கிறார் (அவருக்கு விருட்சாசனம் நீங்கள் சொல்லித்தரவே வேண்டாம்). ஆக திங்கட்கிழமை விடிகாலை பல்லவனில் கிளம்புகிறோம். சாமான் லாரி ஞாயிறே போய்விடும்.

நான் உங்களிடம் வந்த கதை உங்களுக்கு ஞாபகம் இருக்கிறதா தெரியவில்லை. 2022 தீபாவளிக்கு அளவுக்கு மீறி ஆர்டர் எடுத்துவிட்டேன். தேன்குழல், மணகோலம், சீப்புச் சீடை, அதோடு மூன்று கல்யாண வீட்டுச் சீர்ப் பலகாரம். கார்த்திகையில் வலது கை தோளுக்கு மேல் தூக்க முடியவில்லை. தலை பின்ன முடியவில்லை, ஜாக்கெட் கொக்கி போட அவரைக் கூப்பிட வேண்டியிருந்தது, கல்யாணமாகி முப்பது வருடத்தில் அந்த மனுஷனுக்குக் கொக்கி போடத் தெரியாது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. ஒருத்தர் எண்ணெய் போட்டுப் பலமாகத் திருகி எடுத்தார், பெயர் வேண்டாம், அதற்கப்புறம் பதினைந்து நாள் தூக்கம் போனது. டாக்டர் பார்த்துவிட்டு ஃப்ரோசன் ஷோல்டர் என்றார், சர்க்கரை இருக்கிறவர்களுக்கு அதிகமாக வரும், தானாக விட ஒன்றிரண்டு வருடம்கூட ஆகலாம், கையை அசைத்துக்கொண்டே இருங்கள் என்றார். எப்படி அசைப்பது என்றுதான் தெரியவில்லை.

தை மாதம் உங்களிடம் வந்தபோது முதலில் எனக்குப் பிடிக்கவில்லை, உண்மையைச் சொல்லிவிடுகிறேன். என் மகள் வயதுப் பெண், முப்பதுகூட ஆகியிருக்காது போல, டீச்சர் என்று கூப்பிட வாய் வரவில்லை. அதுவும் வந்த அன்றே ஆசனம் எதுவும் கிடையாது, டாக்டர் சீட்டைக் கொண்டுவாங்க அக்கா என்று திருப்பி அனுப்பிவிட்டீர்கள். பெரிய ஆள்தான் என்று முணுமுணுத்துக்கொண்டே போனேன். மறுநாள் சீட்டோடு வந்தால், இடது கையால் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டு குனிந்து, வலது கையைத் தொங்கவிட்டுக் கடிகாரப் பெண்டுலம் மாதிரி ஆட்டச் சொன்னீர்கள். அவ்வளவுதான் அந்த வாரம் முழுக்க. மற்றவர்கள் எல்லாம் சூரிய நமஸ்காரத்தில் பன்னிரண்டு நிலையும் போய்க்கொண்டிருக்க, நான் மட்டும் ஓரமாகக் கோயில் யானை துதிக்கை ஆட்டுகிற மாதிரி நின்றேன். எட்டாம் நாள் வரவில்லை. காய்ச்சல் என்று சொன்னது பொய்.

அன்றைக்கு மாலை போன் செய்து, காய்ச்சலைப் பற்றி ஒரு வார்த்தை கேட்காமல், "வலி பத்துக்கு எத்தனை அக்கா?" என்று கேட்டீர்கள். ரெண்டு என்றேன். "ரெண்டுன்னா நீங்க வந்திருப்பீங்க" என்றீர்கள். ஏழு என்று ஒத்துக்கொண்டேன். அப்புறம்தான் நீங்கள் என் வீட்டுக்கு வந்தது.

டீச்சர், அந்த நாளைத்தான் எழுத வேண்டும் என்று நினைத்தேன், மற்றதெல்லாம் சுற்றி வளைப்பு. வந்து ஒரு டம்ளர் மோர் குடித்துவிட்டு, நீங்க வேலையைப் பாருங்க என்று மூலையில் முக்காலியைப் போட்டு உட்கார்ந்துவிட்டீர்கள். இரண்டு மணி நேரம். நான் மாவு பிசைந்தேன், பிழிந்தேன், எடுத்தேன், நீங்கள் ஒன்றும் பேசவில்லை. கடைசியில் எழுந்து வந்து என் முழங்கையைத் தொட்டு, "இது பிழியும்போது காது வரைக்கும் ஏறுது பாருங்க" என்றீர்கள். இருபத்திரண்டு வருடமாக அந்த மேடையில் பிழிகிறேன், அது எனக்கு உயரம் என்று ஒருநாளும் தோன்றவில்லை. அடுத்த நாளே அடுப்பைத் தரையோடு ஒட்டின குட்டை மேடைக்கு இறக்கினோம், எண்ணெய்ச் சட்டி இடுப்புக்குக் கீழே வந்தது, அச்சை நெஞ்சோடு ஒட்டிப் பிடித்து உடம்பின் கனத்தை மேலே இறக்கச் சொன்னீர்கள், தோளால் தள்ள வேண்டாம் என்று. ஒரு ஈடு எடுத்ததும் கையை இரண்டு தரம் உதறிவிட வேண்டும். பாதி தோள் உங்கள் ஆசனத்தால் சரியானது என்றால் மீதிப் பாதி அந்த அடுப்பால். நான் வலிக்காமல் நிற்க வேண்டிய இடம் என் அடுப்படிதான் என்று தெரிந்துகொண்டு அங்கேயே வந்து உட்கார்ந்தீர்களே, அதற்கு நான் இதுவரை ஒரு நன்றிகூடச் சொன்னதில்லை. இப்போது சொல்கிறேன்.

சுவரில் விரல் ஏற்றும் பயிற்சியும் அன்றைக்குத்தான் ஆரம்பித்தது. வகுப்பு நடக்கும் நம் வளவுச் சுவர் முட்டைச் சுண்ணாம்பு பூசியது, கண்ணாடி மாதிரி வழவழப்பு, விரல் நன்றாக நடந்து ஏறும், ஆனால் அங்கே பென்சில் கோடு போட்டால் வீட்டுக்கார ஆச்சி நம்மை முகப்போடு வெளியே தள்ளியிருப்பார்கள். அதனால் என் அடுப்படிச் சுவரில் போட்டோம். முதல் கோடு என் மூக்குக்கு நேரே, 2023 தை. சித்திரையில் நெற்றி. ஐப்பசியில் அஞ்சறைப் பெட்டி வைக்கும் பலகை. நடுவில் வைகாசியில் ஒரு கோடு கீழே இறங்கியிருக்கும், அது நான் உங்கள் பேச்சைக் கேட்காமல் தேங்காய் மூட்டையைத் தூக்கிய வாரம். இப்போது குதிகாலை ஊன்றியபடியே கை முழுதாக மேலே போகிறது. வீட்டைக் காலி செய்யும்போது வெள்ளையடித்துத் தர வேண்டுமாம். போட்டோ எடுத்து வைத்திருக்கிறேன், இதோடு அனுப்புகிறேன், கோடு லேசாகத்தான் தெரியும், பெரிதாக்கிப் பாருங்கள்.

சர்க்கரைக்கு யோகா மருந்து என்று சொல்லி மாத்திரையை நிறுத்த வைக்கிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். எங்கள் சொந்தத்திலேயே ஒருத்தர் அப்படிக் கஷாயத்தை நம்பிப் போய்க் காலில் புண்ணோடு வந்தார். நீங்கள் ஒருநாளும் மாத்திரையைத் தொடவில்லை. சாப்பிட்டதும் உட்காராமல் பத்து நிமிஷம் நடங்க, பாகு பதம் பார்க்க நாக்கு வேண்டாம் விரல் போதும், இந்த இரண்டுதான். மூன்று மாதச் சர்க்கரை 8.9-ல் இருந்தது, போன மாதம் 7.3. டாக்டர் என்ன செய்தீங்க என்று கேட்டார். நடந்தேன் என்றேன். உங்கள் பெயரையும் சொல்லியிருக்கலாம், தோன்றவில்லை, மன்னித்துக்கொள்ளுங்கள்.

எனக்குப் பிடிக்காததையும் சொல்லிவிடுகிறேன், போகிறவளுக்கு என்ன பயம். அந்த ஸ்பீக்கரில் சவாசனத்தின்போது அருவி கொட்டும் சத்தம் போடுகிறீர்களே, அம்பது வயதுக்கு மேற்பட்ட பதினோரு பெண்களைப் படுக்க வைத்துவிட்டு அதைப் போடலாமா? எத்தனை நாள் அவரவர் பல்லைக் கடித்துக்கொண்டு படுத்திருந்தோம் என்று உங்களுக்குத் தெரியாது. மழைக்காலத்தில் வளவில் நிஜமாகவே மழை விழும், அதுவே போதும், கரண்டும் மிச்சம். அப்புறம் ஆத்தங்குடிக் கல்லில் அந்த ரப்பர் பாய் வழுக்குகிறது, அடியில் ஜமுக்காளம் விரித்தால் நிற்கிறது, நான் கொண்டுவந்த நீலக் கோடு போட்ட ஜமுக்காளத்தை அங்கேயே விட்டுவிட்டுப் போகிறேன்.

சுடிதார் விஷயத்தில் நீங்கள் ஜெயித்தீர்கள். சேலையைத் தார்ப்பாய்ச்சிக் கட்டிக்கொண்டே எல்லாம் செய்துவிடுவேன் என்று ஆறு மாதம் பிடிவாதம் பிடித்தேன். யோகா தினத்துக்கு, அந்த ஜூன் 21-க்கு, மைதானத்தில் எல்லோர் முன்னாலும் நிற்க வேண்டும் என்றதும்தான் செக்காலை ரோட்டில் போய் வாங்கினேன், 52 வயதில் முதல் சுடிதார். வீட்டுக்காரர் பார்த்துவிட்டு யாரும்மா நீ என்றார். இப்போது தாம்பரத்துக்கு நாலு எடுத்து வைத்திருக்கிறேன்.

ஒரு ஆடியில், முகூர்த்தம் இல்லை, கையில் காசு இல்லை, அறுநூறு ரூபாய் பீஸ் தர முடியாமல் வகுப்பை விட்டுவிடலாம் என்று இருந்தேன். நீங்கள் கேட்கவே இல்லை. நானாக வெள்ளைப் பணியாரமும் காரச் சட்னியும் கொண்டுவந்து வைத்தேன், உடம்பைக் குறைக்க வந்தவர்கள் எல்லாம் சேர்ந்து ஒரு தூக்குப் பணியாரத்தையும் முடித்தார்கள், நீங்களும் அஞ்சு தின்றீர்கள், எண்ணினேன். "இன்னைக்கு மூச்சுப் பயிற்சி மட்டும்" என்று சொல்லி எல்லோரையும் உட்கார வைத்தீர்களே. நாடி சுத்தியில் பாதிப்பேர் ஏப்பம் விட்டார்கள்.

அங்கே போய் நான் தனியாகச் செய்வேனா என்று எனக்கே சந்தேகம்தான். எத்தனை ஞாயிற்றுக்கிழமை செய்தேன் என்று பொய் சொல்லியிருக்கிறேன், நீங்களும் தெரிந்தே சரி என்று தலையாட்டியிருக்கிறீர்கள். இனிமேல் பொய் சொல்ல ஆள் இல்லை. அதனால் பையனிடம் சொல்லி அடுப்படியில் ஒரு சுவர் கேட்டிருக்கிறேன். எல்லாம் டைல்ஸாம், பிரிட்ஜ் பக்கம் மட்டும் கொஞ்சம் வெறும் சுவர் இருக்கிறது என்று மருமகள் அளந்து சொல்லியிருக்கிறாள். குழந்தையைத் தூக்க வேண்டிய தோள் இது, அவளுக்கும் அந்த அக்கறை இருக்கும்தானே.

அந்தப் புதுப் பெண், நேற்று மூச்சு பழகிக்கொண்டிருந்தவள், கல்யாண மண்டபங்களில் சப்பாத்தி உருட்டுகிறாளாம், தோளைத் தேய்த்துக்கொண்டே இருந்தாள். அவளுடைய பலகையின் உயரத்தையும் ஒருதரம் போய்ப் பாருங்கள் டீச்சர்.

இந்த மாத பீஸ் கவரில் போட்டு ஜமுக்காளத்துக்குள் சுருட்டி வைத்திருக்கிறேன், பாதி மாதம்தான் வந்தேன் என்று திருப்பி அனுப்பாதீர்கள். சனிக்கிழமை மதியம் வீட்டில் இருங்கள், ஒரு டின் தேன்குழல் கொண்டுவருகிறேன், இந்த அடுப்பில் கடைசி ஈடு. உங்கள் அம்மாவுக்குப் பல் இல்லை என்பதால் கொஞ்சம் கந்தரப்பமும்.

திங்கட்கிழமை ஸ்டேஷனுக்கு வருகிறேன் என்று கிளம்பிவிடாதீர்கள். அது வகுப்பு நேரம், பத்துப் பேர் பாய் விரித்துக் காத்திருப்பார்கள்.

உங்கள்
பலகாரக்கார அக்கா