தங்கச்சியின் வளைகாப்பு: ஞாயிற்றுக்கிழமை ஒழுங்கு

அம்மா, மாமி, பெரியம்மா, மச்சான் எல்லோருக்கும்,

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கல்லடி வீட்டில் தங்கச்சிக்கு வளைகாப்பு. அவளுக்கு அன்று 29 கிழமை முடிந்திருக்கும், ஏழாம் மாதம். சனிக்கிழமை வைத்தால் காலை 9 மணியிலிருந்து 10.30 வரை ராகு காலம். ஞாயிறு ராகு காலம் பின்னேரம் 4.30க்குத்தான் வருகிறது, எமகண்டம் 12 மணிக்குத் தொடங்கும். அதனால் காப்பு போடுவதையெல்லாம் 10.30க்குள் முடித்துவிடலாம். மாமி, அக்கரைப்பற்றிலிருந்து ஏழரைக்காவது வெளிக்கிடுங்கள். தேநீரும் இடியப்பமும் இங்கே இருக்கும்.

வளைகாப்பு முடிந்ததும் பிள்ளையைத் தாய் வீட்டுக்குக் கூட்டிப்போவதை நாங்கள் படங்களில் பார்த்திருக்கிறோம். எங்கள் பக்கத்தில் வீடே பெண்ணுக்குத்தானே, அவள் ஏற்கெனவே அம்மாவோடு இருக்கிறாள். அலைச்சல் ஒன்றும் இல்லை. அன்று அவள் நடக்க வேண்டியது அறையிலிருந்து ஹோல் வரைக்கும்தான், அதற்கு மேல் நடக்க வைக்க வேண்டாம்.

8.30க்கு அவள் சாப்பிட்டு முடிக்க வேண்டும். விரதம், வெறும் வயிறு என்ற பேச்சே வேண்டாம். கூறைச் சேலை பாரம். மெல்லிய பச்சைப் பருத்திச் சேலையை நான் வாங்கிவிட்டேன். தலைக்கு மல்லிகைச் சரம் மட்டும். கழுத்து நோகிறது என்று போன கிழமையே சொன்னாள், பூச்சடை வேண்டாம்.

9.30க்கு நிறைகுடம், குத்துவிளக்கு, பிள்ளையாருக்குத் தேங்காய். சாம்பிராணியை வாசலோடு நிறுத்துங்கள், புகை அவளுக்கு ஒத்துவரவில்லை. மணையில் சம்மணம் போட்டு உட்கார வைக்க வேண்டாம். முதுகு சாய்கிற கதிரையும் காலுக்கு ஒரு சின்ன ஸ்டூலும் வைக்கிறேன். மணைதான் முறை என்று பெரியம்மா நினைப்பது தெரியும், அதைக் கதிரைக்குக் கீழே வைத்து அதன் மேல் கோலம் போடலாம். மச்சான், ஸ்டாண்ட் ஃபேன் உங்கள் பொறுப்பு. ஒரு போத்தல் தண்ணீரும் பக்கத்தில் இருக்கட்டும்.

முதலில் வேப்பிலைக் காப்பு, பிறகு கண்ணாடிக் காப்பு. ஒவ்வொருவரும் சந்தனம் பூசி, குங்குமம் வைத்து, பன்னீர் தெளித்து, ஒரு கைக்கு ஒன்றாகப் போட்டால் போதும். கை வீங்கியிருக்கிறது, அதனால் ஒரு அளவு பெரிய காப்பாகவே வாங்குங்கள். சவர்க்காரம் போட்டு இழுக்கும் நிலைமை வரக்கூடாது. பதினைந்து பேர் போட்டதும் அவள் எழுந்து உள்ளே போய் வர ஐந்து நிமிடம். இதை யாரும் கேட்டுக்கொண்டு நிற்க வேண்டாம், நானே அழைத்துப் போவேன். கடைசியில் ஆலாத்தி. அப்போது பெரியம்மா குரவை போட வேண்டும். நீங்கள் போட்டால்தான் வீடு நிறையும்.

படத்துக்குப் பத்து நிமிடம், பிறகு அவள் படுக்கப் போவாள், இடப்பக்கம் சரிந்து ஒரு அரை மணித்தியாலம். அந்த நேரம் வாழ்த்துச் சொல்ல வருகிறவர்களை அம்மா முற்றத்தில் இருத்திப் பேசிக்கொண்டிருங்கள்.

சாப்பாடு 11.15க்கு, நாற்பது பேருக்கு. புளிச்சாதம், எலுமிச்சைச் சாதம், தேங்காய்ச் சாதம், சர்க்கரைப் பொங்கல், தயிர்ச் சாதம், கூடவே வடை, பொரித்த அப்பளம், மாங்காய் ஊறுகாய். தயிருக்கு எங்கள் எருமைத் தயிர்ச் சட்டி நான்கு சொல்லியாயிற்று. காலையிலேயே பிசைந்து வைத்தால் இந்த வெக்கைக்குப் புளித்துவிடும், 11 மணிக்குப் பிறகு பிசையுங்கள். பயத்தம் உருண்டையும் முறுக்கும் மாமி கொண்டு வருவதாகச் சொன்னீர்கள், சந்தோஷம். ஆனால் கிளினிக்கில் அவளுக்குச் சீனி கொஞ்சம் கூட என்று சொல்லியிருக்கிறார்கள். ஆசைக்கு ஒரு உருண்டை, பொங்கல் ஒரு கரண்டி, அவ்வளவும்தான். அவளுக்கென்று சிவப்பரிசிச் சோறும் முருங்கைக்கீரை வறையும் பருப்பும் தனியாகச் சமைக்கிறேன். இரும்புச்சத்துக் குளிசை போடும் நேரத்தில் தேநீர் கொடுக்க வேண்டாம்.

12.30க்கு எல்லோருக்கும் வெற்றிலை, பாக்கு, குங்குமம், ஒரு சோடிக் காப்பு கொடுத்து அனுப்பலாம். அதற்குப் பிறகு அவள் அறைக் கதவை யாரும் தட்டாதீர்கள். கிளினிக் அட்டை கண்ணாடி மேசை லாச்சியில் இருக்கிறது, மச்சான் காரை மற்ற வாகனங்களுக்குள் அடைபடாமல் வெளியே நிறுத்துங்கள்.

இனி ஒன்றுதான். முதல் காப்பை அம்மம்மா போட வேண்டும். அம்மப்பா இல்லை என்பதற்காக அவ ஒதுங்கி நிற்பதை நான் என் கலியாணத்தில் பார்த்துவிட்டேன், இன்னும் மனதை அறுக்கிறது. எங்கள் இரண்டு பேரையும் தூக்கி வளர்த்த கை அது. தங்கச்சியும் அதைத்தான் கேட்கிறாள், மாமியும் சரி என்றுவிட்டா. அம்மா, அம்மம்மாவிடம் இன்றைக்கே சொல்லுங்கள். அன்று காலையில் சொன்னால் வேலை இருக்கிறது என்று குசினிக்குள் போய் நின்றுகொள்வா.